கிணற்றுத் தண்ணீரில் 110: எண்ணாமல் வந்த எண்

எங்கள் குடியிருப்பின் செயலாளர் வாசலில் வந்து நின்றபோது அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டும் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த தண்ணீர் அறிக்கைகள். வியர்க்க விறுவிறுக்க வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"சார், நீங்க லேப்ல வேலை பார்த்தவர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்க. தூர் வார்றதுக்கு முன்னாடி நம்ம கிணத்துத் தண்ணி 49. அவ்வளவு செலவு பண்ணித் தூர் வாரினப்புறம் 110. சுத்தம் பண்ணினா கிணறு அழுக்காகுமா? எல்லாரும் என்னைப் பிடிச்சுக் கேக்குறாங்க."

தாள்களை வாங்கிப் பார்த்தேன். 'மொத்தக் கோலிஃபார்ம், எம்.பி.என்., 100 மில்லிக்கு' என்ற வரியில்தான் அந்த இரண்டு எண்களும் இருந்தன. அவர் கவனிக்காத ஒன்று ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. முதல் தாளில் 5-2-0. இரண்டாவதில் 5-3-1. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"இந்த 49, 110 எல்லாம் யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்னது இல்லை சார்" என்றேன். அதை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

எம்.பி.என். என்றால் 'மிகவும் சாத்தியமான எண்ணிக்கை' என்று பொருள். பெயரே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறது. நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று பாக்டீரியாவை எண்ணுகிற வேலை இதில் கிடையாது. தண்ணீரைச் சிறுசிறு பங்குகளாகப் பிரித்துத் தனித்தனிக் குழாய்களில் விட்டு, எந்தக் குழாயில் பாக்டீரியா வளர்ந்தது, எதில் வளரவில்லை என்று மட்டும் பார்க்கிறோம். ஒவ்வொரு குழாயும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒரே பதிலைத்தான் சொல்லும். ஒரு பாக்டீரியா விழுந்திருந்தாலும் 'ஆம்', ஆயிரம் விழுந்திருந்தாலும் 'ஆம்'. இப்படிப் பதினைந்து பதில்களை வாங்கிக்கொண்டு, அவற்றிலிருந்து எண்ணிக்கையை ஊகிக்கிறோம்.

குழாய்களைத் தயார் செய்வதிலேயே பாதி சூட்சுமம் இருக்கிறது. அதில் ஊற்றும் திரவத்துக்கு மெக்கான்கி பிராத் என்று பெயர். ஆல்ஃபிரட் மெக்கான்கி இங்கிலாந்தில் கழிவுநீர் பற்றி ஆராய்ந்த அரச ஆணையத்துக்காக வேலை செய்தவர். குடலில் வாழும் பாக்டீரியாவுக்குப் பித்த உப்பு பழகிப்போன சமாசாரம்; வெளியே வாழும் பலவற்றுக்கு அது ஆகாது. ஆகவே திரவத்தில் பித்த உப்பைக் கலந்தால் வேண்டாதவை பெரும்பாலும் ஒதுங்கிவிடும். கூடவே பால் சர்க்கரையான லாக்டோஸ் இருக்கும். கோலிஃபார்ம் வகை பாக்டீரியா அதைத் தின்று அமிலத்தையும் வாயுவையும் வெளிவிடும். அமிலம் வந்தால் ஊதா நிறத் திரவம் மஞ்சளாக மாறும். வாயுவைப் பிடிக்க ஒரு சின்ன ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு குழாய்க்குள்ளும் சுண்டுவிரலைவிட மெல்லிய இன்னொரு குட்டிக் கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகப் போட்டு வைப்பார்கள். ஹெர்பர்ட் டர்ஹாம் 1898இல் சொன்ன யோசனை. இன்றும் அதன் பெயர் டர்ஹாம் குழாய்தான். வாயு உண்டானால் அது குட்டிக் குழாயின் உச்சியில் குமிழியாக வந்து நிற்கும்.

தலைகீழாகப் போட்ட குழாய்க்குள் முதலில் காற்று இருக்குமே, அது எங்கே போகும்? ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் வேகவைக்கும்போது அந்தக் காற்று விரிந்து வெளியேறிவிடும். ஆறும்போது அதன் இடத்தைத் திரவம் பிடித்துக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுக்குப் போகிற அவசரத்தில், ஆட்டோகிளேவ் ஆறுவதற்கு முன்பே மூடியைத் திறந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் ஒரு தட்டுக் குழாய் முழுக்க, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமலேயே, குமிழி. எங்கள் மூத்த டெக்னீஷியன் அம்மா ஒன்றும் சொல்லாமல் அத்தனையையும் தொட்டியில் கொட்டிவிட்டு, "இப்ப எழுந்து புதுசாப் போடுப்பா" என்றார். அன்றிலிருந்து, மாதிரியைச் சேர்க்கும் முன் ஒவ்வொரு குழாயையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்தது. ஆரம்பத்திலேயே குமிழி இருந்தால் அந்தக் குழாய் செல்லாது.

கிணற்றுத் தண்ணீருக்குப் பொதுவாகச் செய்வது ஐந்தைந்தாக மூன்று வரிசை. முதல் வரிசையில் ஒவ்வொரு குழாய்க்கும் 10 மில்லி தண்ணீர். அடுத்த வரிசையில் 1 மில்லி. மூன்றாவதில் 0.1 மில்லி. முதல் வரிசைக்கு மட்டும் பிராத்தை இரட்டிப்புக் கெட்டியாகத் தயாரிக்க வேண்டும். ஏனென்றால் அதில் 10 மில்லி பிராத்தோடு 10 மில்லி தண்ணீரைச் சேர்க்கும்போது எல்லாம் பாதியாக நீர்த்துவிடும். பித்த உப்பும் நீர்த்துப்போய், வேண்டாத பாக்டீரியாவுக்குக் கதவு திறந்துவிடும். தண்ணீரைக் குழாய்களில் விடும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். பாக்டீரியா கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு இருப்பது வழக்கம். ஐம்பது பாக்டீரியா சேர்ந்த ஒரு கொத்து ஒரே குழாயில் விழுந்தால், கணக்கில் அது ஒன்றுதான். குலுக்காத பாட்டில் தண்ணீரை நல்லதாகக் காட்டிவிடும்.

பிறகு 37 டிகிரி செல்சியஸில் இன்குபேட்டரில் வைத்து, 24 மணி நேரத்தில் ஒருமுறை, 48 மணி நேரத்தில் ஒருமுறை பார்க்கிறோம். வாயு வந்த குழாய்களை வரிசை வாரியாக எழுதுகிறோம். செயலாளரின் இரண்டாவது தாளில் இருந்த 5-3-1 என்பது இதுதான்: 10 மில்லி குழாய்கள் ஐந்திலும் வாயு, 1 மில்லிக் குழாய்களில் மூன்றில், 0.1 மில்லிக் குழாய்களில் ஒன்றில்.

வாயு வந்துவிட்டாலே கோலிஃபார்ம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. பித்த உப்பையும் தாங்கிக்கொண்டு வாயு விடுகிற வேறு சில பாக்டீரியாவும் உண்டு. அதனால் வாயு வந்த ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளியை எடுத்து, பிரில்லியன்ட் கிரீன் என்ற சாயம் கலந்த இன்னொரு பிராத்தில் போட்டு மறுபடி பார்ப்பார்கள். அங்கேயும் வாயு வந்தால்தான் அந்தக் குழாய் கணக்கில் சேரும். இதை விட்டுவிட்டு முதல் நாள் எண்ணையே அறிக்கையில் போட்டால் தண்ணீர் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

இனி 5-3-1 எப்படி 110 ஆகிறது என்பதற்கு வருவோம். இதைச் செயலாளருக்கு நான் பாயசத்தை வைத்துச் சொன்னேன்.

கல்யாணப் பந்தியில் அண்டா நிறையப் பாயசம். சமையல்காரர் எத்தனை முந்திரி போட்டார் என்று தெரியாது. ஒவ்வொரு இலைக்கும் ஒரு கரண்டி. சராசரியாகக் கரண்டிக்கு ஒரு முந்திரி என்று வைத்துக்கொண்டால், எல்லாருக்கும் சரியாக ஒன்று கிடைக்காது. ஒருவருக்கு மூன்று விழும், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் விழாது. நூறு பேரில் ஏறக்குறைய 37 பேருக்கு முந்திரியே வராது. இதில் பரிமாறுகிறவரின் ஓரவஞ்சனை ஒன்றும் இல்லை. கலந்து கிடப்பவை விழுகிற விதம் அப்படி. சராசரி இரண்டாக இருந்தால் கிடைக்காதவர்கள் 13, 14 பேராகக் குறைந்துவிடுவார்கள். ஆகவே பந்தி முடிந்தபின் ஒரு முந்திரியையும் எண்ணாமல், "எனக்கு வரலை" என்று சொன்னவர்களை மட்டும் எண்ணினால், அண்டாவில் போட்டது எவ்வளவு என்று திருப்பிக் கணக்குப் போட்டுவிடலாம். எல்லாருக்கும் வந்துவிட்டால் கணக்கு நின்றுபோகும். ஒருவருக்கும் வராவிட்டாலும் அப்படியே. கொஞ்சப் பேருக்கு வந்து கொஞ்சப் பேருக்கு வராமல் இருக்கும்போதுதான் கணக்குப் பேசும். மூன்று அளவுக் கரண்டி வைத்துக்கொள்வது அதற்காகத்தான். தண்ணீர் எப்படி இருந்தாலும் ஏதாவது ஒரு வரிசையில் கலவையான பதில் கிடைக்க வேண்டும்.

நம் கிணற்றுக்கு வருவோம். 100 மில்லியில் 110 கோலிஃபார்ம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 10 மில்லிக் குழாயில் சராசரி 11. அதில் ஒன்றுமே விழாமல் தப்புவது அநேகமாக நடக்காது. ஐந்தும் 'ஆம்' சொல்லும். 1 மில்லிக் குழாயில் சராசரி 1.1, மூன்றில் ஒரு பங்குக் குழாய்கள் காலியாக இருக்க வேண்டும். ஐந்தில் கிட்டத்தட்ட இரண்டு. நமக்குக் கிடைத்ததும் இரண்டு காலி. 0.1 மில்லிக் குழாயில் சராசரி 0.11, பத்தில் ஒன்பது காலியாக இருக்கும். ஐந்தில் நான்கோ ஐந்தோ காலி. நமக்கு நான்கு. ஆக, 110 என்ற எண்ணுக்கும் 5-3-1 என்ற பதிலுக்கும் நல்ல பொருத்தம் இருக்கிறது.

ஆனால் பொருத்தம் 110க்கு மட்டும்தானா? இதைத்தான் செயலாளர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, நானே சொன்னேன். ஒரே தண்ணீரை வைத்து இந்தப் பதினைந்து குழாய்ச் சோதனையை ஆயிரம் முறை செய்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உண்மையில் 110 இருக்கும் தண்ணீர், ஆயிரத்தில் ஏறக்குறைய 110 முறை சரியாக 5-3-1 என்ற பதிலைக் கொடுக்கும். (இரண்டு 110உம் ஒன்றாக வந்தது தற்செயல்.) 30 மட்டும் இருக்கும் தண்ணீர் அதே பதிலை ஆயிரத்தில் 10 முறை போலக் கொடுக்கும். 300 இருக்கும் தண்ணீர் 8 முறை. இந்த வாய்ப்பு எந்த எண்ணிடம் உச்சத்தைத் தொடுகிறதோ அதைத்தான் 'மிகவும் சாத்தியமான எண்' என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். உச்சம் என்பதால் அது மட்டுமே உண்மை என்றாகிவிடாது.

சரி, தூர் வாருவதற்கு முன் இருந்த 49? தண்ணீர் கொஞ்சமும் மாறாமல், இன்னும் 100 மில்லியில் 49 கோலிஃபார்மோடு அப்படியே இருந்தாலும், ஆயிரத்தில் 41 முறை 5-3-1 வரும். உச்சமான 110இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதாவது செயலாளரைத் தூங்கவிடாமல் செய்த அந்த வித்தியாசம், பதினைந்தில் இரண்டே இரண்டு குழாய்களின் வித்தியாசம். நடு வரிசையில் ஒன்று கூட, கடைசி வரிசையில் ஒன்று கூட. ஒரே பாட்டிலிலிருந்து ஒரே நாளில் இரண்டு முறை சோதனை போட்டாலும் இந்த அளவு முன்னே பின்னே வரும்.

பல அட்டவணைகளில் எம்.பி.என். எண்ணுக்குப் பக்கத்திலேயே கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண்கள் இருக்கும். 5-3-1க்கு அது சுமார் 40இலிருந்து 300 வரை. அட்டவணைக்கு அட்டவணை கொஞ்சம் மாறும். பல கூடங்கள் இந்த எல்லைகளை அறிக்கையில் அச்சிடுவதில்லை. என்னைக் கேட்டால் அது தவறு. நடு எண்ணை மட்டும் கொடுத்தால், படிப்பவர் அதைக் காய்ச்சல் பார்த்த தெர்மாமீட்டர் அளவு போல எடுத்துக்கொள்கிறார்.

இந்த அட்டவணைகளுக்கு அடித்தளம் போட்டவர் கனடாவைச் சேர்ந்த மெக்ரேடி. 1915இல் வெளியான அவருடைய கட்டுரைதான், குழாய்களின் ஆம்-இல்லைப் பதில்களைச் சாத்தியக் கணிதத்தால் எண்ணாக மாற்றும் வழியைச் சொன்னது. அட்டவணை கையில் இல்லாவிட்டால் ஒரு குறுக்கு வழியும் உண்டு. 1942இல் தாமஸ் என்பவர் கொடுத்தது:

MPN/100 ml = (P × 100) / √(N × T)

P என்பது வாயு வந்த குழாய்களின் எண்ணிக்கை, N வாயு வராத குழாய்களில் விட்ட தண்ணீரின் மொத்த மில்லி, T எல்லாக் குழாய்களிலும் விட்ட தண்ணீரின் மொத்த மில்லி. ஐந்தும் 'ஆம்' சொன்ன முதல் வரிசையைத் தள்ளிவிட்டுப் போட வேண்டும். நம் கிணற்றுக்கு P 4. N, 2 மில்லியும் 0.4 மில்லியும் சேர்ந்து 2.4, T 5.5. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 3.63. 400ஐ அதால் வகுத்தால் 110. வீட்டில் கால்குலேட்டர் இருந்தால் உங்கள் அறிக்கையை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம், குழாய் எண்கள் அதில் இருந்தால்.

குழாய் எண்களைக் கேட்டு வாங்கச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. வேலை ஒழுங்காக நடந்ததா என்பதை அவை காட்டிக்கொடுக்கும். 10 மில்லியில் ஐந்தும் காலி, ஆனால் 0.1 மில்லியில் மூன்றில் வாயு என்று 0-0-3 வந்தால், அப்படி ஒரு தண்ணீர் கிடையாது. பெரிய கரண்டி வாங்கியவர் ஒருவருக்கும் முந்திரி இல்லை, ஸ்பூனில் வாங்கியவர்களுக்கு இருக்கிறது என்றால் யாராவது நம்புவார்களா? ஒன்று, குழாய்களின் லேபிள் மாறியிருக்கும். அல்லது பிப்பெட்டில் அழுக்குச் சேர்ந்திருக்கும். தண்ணீரிலேயே பாக்டீரியாவை அமுக்கும் ஏதோ ஒன்று இருந்து, அதிகத் தண்ணீர் விட்ட குழாயில் வேலை செய்து, குறைவாக விட்டதில் செய்யாமல் போயிருக்கவும் கூடும். எதுவானாலும் அட்டவணையைத் திறக்காமல் சோதனையை மறுபடி போட வேண்டும். 5-5-5 வந்தால் '1600க்கு மேல்' என்று எழுதுவார்கள். அதற்கு, அண்டா முழுக்க முந்திரி, இன்னும் சின்னக் கரண்டி கொண்டுவா என்று அர்த்தம். தண்ணீரை நீர்த்துப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டுச் செயலாளர் நிம்மதியானார். "அப்ப தூர் வாரினதுல தப்பு இல்லை" என்றார்.

"தப்பு இல்லை. பிரயோசனமும் இல்லை" என்றேன்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி 100 மில்லித் தண்ணீரில் கோலிஃபார்ம் தென்படவே கூடாது. 49உம் சரி, 110உம் சரி, தேறாத மதிப்பெண்கள்தான். அவர் பார்க்க வேண்டிய வரி அதற்குக் கீழே இருந்தது: ஈ.கோலை, 2-0-0, 4.5. மொத்தக் கோலிஃபார்மில் மண்ணிலும் இலைதழையிலும் வாழ்கிறவையும் அடக்கம். மழை பெய்தால் கிணற்றுக்குள் வந்துவிடும். ஈ.கோலை அப்படி வராது. அது மனிதர், மிருகங்களின் குடலிலிருந்து வருவது. அதைப் பிரித்தெடுக்க, வாயு வந்த குழாய்களிலிருந்து எடுத்த துளியை 44 டிகிரிச் சூட்டில் வளர்க்கிறார்கள். மண்ணில் வாழும் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் வாயு விடாமல் அடங்கிவிடும். கூடவே டிரிப்டோன் நீரில் வளர்த்து அதில் கோவாக்ஸ் திரவத்தைச் சில சொட்டு விட்டால், ஈ.கோலை இருக்கும் குழாயின் மேல்புறத்தில் சிவப்பு வளையம் கட்டும். நம் ஒன்பது குழாய்களில் இரண்டு அந்தச் சோதனையிலும் தேறியிருந்தன. 110ஐவிட அந்த 4.5தான் எனக்குக் கவலை தந்தது. எங்கிருந்தோ கழிவுநீர் கிணற்றுக்குள் இறங்குகிறது.

தேடியதில், கிணற்றிலிருந்து நாலைந்து எட்டு தள்ளியிருந்த பாதாளச் சாக்கடைத் தொட்டியின் பக்கச் சுவரில் விரிசல். அதைப் பூசி, கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீரை இறைத்துக் கொட்டி, சில நாள் விட்டு மறுபடி மாதிரி எடுத்தோம். இந்த முறை நானே கூடப் போனேன். கூடத்திலிருந்து வாங்கிய பாட்டிலின் அடியில் சோடியம் தயோசல்ஃபேட் கொஞ்சம் இருந்தது. அதை அலம்பிவிடக் கூடாது. தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் போகிற வழியெல்லாம் பாட்டிலுக்குள்ளேயே பாக்டீரியாவைக் கொன்றுகொண்டிருக்கும். அதை நிறுத்துவது அந்தத் தயோசல்ஃபேட்தான். ஐஸ் பெட்டியில் வைத்து அன்று காலையே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மூன்றாவது அறிக்கை வந்தது. 0-0-0. எம்.பி.என். '<1.8'.

"பூஜ்யம்னு போடாம இதென்ன சார், 1.8க்குக் கீழேன்னு? இன்னும் ஏதோ இருக்குன்னு சொல்றாங்களா?"

இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஐந்து 10 மில்லி, ஐந்து 1 மில்லி, ஐந்து 0.1 மில்லி, கூட்டினால் 55.5 மில்லி. அவர்கள் சோதித்தது அவ்வளவுதான். 100 மில்லியில் இரண்டு கோலிஃபார்ம் இருக்கும் தண்ணீரை இந்த முறையில் சோதித்தால், மூன்றில் ஒரு தடவை பதினைந்து குழாயும் காலியாகவே வரும். அதற்காகத்தான் குடிக்கிற தண்ணீருக்கு வேறு அடுக்கு வைத்திருக்கிறார்கள்: 50 மில்லிக்கு ஒரு பாட்டில், 10 மில்லிக்கு ஐந்து குழாய். மொத்தம் சரியாக 100 மில்லி. அதிலும்கூட, இரண்டு கோலிஃபார்ம் இருக்கும் தண்ணீர் நூறில் 13, 14 முறை தப்பித்துவிடும். ஒரு தடவை சோதித்து நல்ல பெயர் வாங்கினால் போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

செயலாளர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அடுத்த தடவை அந்த அம்பது மில்லி டெஸ்ட்டையே கேக்குறேன். குழாய் நம்பரும் போட்டுத் தரச் சொல்றேன்" என்று சொல்லி, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மழை முடிந்து பதினைந்து நாள் கழித்து ஒன்று, கோடையில் கிணறு வற்றும் சமயம் ஒன்று என்று காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொண்டோம்.